வாய்மொழி வாங்குதல் – 9
கிட்டங்கியில் யார் என்ன பேசினார்கள்?

1941 டிசம்பர் 11. பினாங்கின் மேல் ஜப்பான் விமானங்கள் வருகின்றன. கீழே விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுமில்லை. சனங்கள் ஓடி ஒளியாமல் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். குண்டு விழுந்த பிறகுதான் ஓட்டம் தொடங்குகிறது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கி. நீண்ட கூடம், வரிசையாகப் பாய், பாய்க்கு முன் கைப்பெட்டி, ஒவ்வொரு பெட்டியும் ஒரு லேவாதேவிக் கடை. அங்கே ஓர் அடுத்தாள் மூச்சு வாங்க உள்ளே வந்து தன் மேலாளிடம் சேதி சொல்கிறான். சரித்திர நாவல் எழுதுகிறவருக்கு இந்த இடம் ஒரு நல்ல சோதனை. இவன் வாயில் என்ன வாக்கியம் வைப்பது?

எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் இரண்டு வகைதான் அதிகம். ஒன்று இப்படி இருக்கும்: “சார், செம பயமா இருக்கு. பிளேன் வந்து பாம் போட்டுட்டுப் போயிடுச்சு. ஃபுல் டென்ஷன்.” இது இன்றைய பேருந்தில் கேட்கிற பேச்சு என்று யாருக்கும் தெரியும், திருத்துவதும் எளிது. மற்றது இப்படி: “ஐயா! பகைவரின் வானூர்திகள் நம் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. இனி இங்குத் தங்குதல் அறிவுடைமை அன்று.” எழுதியவருக்கு இதில் பழமை மணப்பதாக ஒரு திருப்தி. இதைத் திருத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

சிக்கல் என்னவென்றால், நம் காதுக்குப் பழசாகத் தெரிகிற சொற்களில் பல அந்தக் காலத்துப் பேச்சில் இல்லாதவை. வானூர்தி, மருத்துவமனை, மகிழுந்து எல்லாம் தனித்தமிழ் உணர்வு பரவப் பரவ நம் வழக்குக்கு வந்தவை. 1941இல் கணக்கெழுதிய ஒருவன் ஏரோப்ளேன் என்பான், ஆஸ்பத்திரி என்பான், மோட்டார் என்பான். கடிதத்தைக் காகிதம் என்பான். அவன் பேச்சில் சமாசாரமும் க்ஷேமமும் பிரயாணமும் இருக்கும். வசூல், பாக்கி, ஜாமீன், ரொக்கம் இல்லாமல் அவன் தொழிலே நடக்காது. தூய தமிழைக் கொடுத்துவிட்டால் அவன் முப்பது வருஷம் பின்னால் வந்த மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவான். இடப்பெயரிலும் இதே வழுக்கல் உண்டு. மலேசியா என்ற நாடு பிறந்தது 1963இல். அதற்கு முன்னால் அவன் இருந்தது மலாயாவில். தமிழ்நாடு என்று அவன் சொல்லமாட்டான், “ஊர்” என்பான். கையில் இருப்பது வெள்ளி, அதற்குச் சில்லறை காசு. சீனியை வாங்குவது கட்டிக் கணக்கில், கிலோவில் அல்ல.

கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது (1950–54 தொடராக வந்தது) அவருக்கு இந்தக் கவலை குறைவு. சோழர் காலத்துத் தெருப்பேச்சை யாரும் காதால் கேட்டதில்லை. எளிய எழுத்துத் தமிழை இலகுவாக ஓடவிட்டார், வாசகர் ஒப்புக்கொண்டார். 1941 அப்படியல்ல. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பொய் சொன்னால் உடனே பிடிபடும்.

சரி, அந்தப் பேச்சுக்கு எங்கே போவது? முதலில் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், இளைஞராக மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டிலும் வட்டிக்கடை ஆட்களைப் பேசவிட்டிருக்கிறார். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று சொற்கள் வந்தபடி இருக்கும், அவற்றுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டு அவர் நிற்பதில்லை. யார் யாரை ஏவுகிறார்கள் என்பதிலேயே படி வரிசை புரிந்துவிடுகிறது. அவர் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தத் துணிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காகிதங்கள். கடையிலிருந்து ஊருக்குப் போன கடிதங்கள், சம்பளச் சீட்டு, பேரேடு, ஐந்தொகை. பழைய குடும்பங்களில் இவை கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கடிதத்துக்கென்று ஒரு நடை உண்டு. க்ஷேமம் சொல்லித் தொடங்கி, “நிற்க” என்று திரும்பி, “இப்பவும்” என்று விஷயத்துக்கு வரும். கோர்ட்டு வாக்குமூலமும் அப்படித்தான். பேசியவன் வேறு, எழுதிய குமாஸ்தா வேறு. ஆகவே காகிதத்திலிருந்து பெயர்ச்சொற்களை மட்டும் எடுங்கள், பொருள்களின் பெயர், பதவிப் பெயர், பண வழக்கு. வாக்கியத்தின் ஓட்டத்தைச் செட்டிநாட்டுப் பக்கத்து வயதானவர்கள் பேச்சிலிருந்து எடுங்கள். அங்கே மரியாதைக்கு “வந்தாக”, “சொன்னாக”, “அவுக” என்பார்கள். அதைப் பக்கத்துக்கு ஓரிரு இடத்தில் வைத்தால் போதும். ஒவ்வொரு சொல்லையும் ஒலி மாறாமல் எழுதினால் வாசகர் எழுத்துக் கூட்டியே களைத்துப்போவார்.

இப்போது அந்த அடுத்தாளை மறுபடி உள்ளே அனுப்பலாம்.

“அண்ணே, சூலியா தெருப் பக்கம் விழுந்திருக்கு. வேடிக்கை பார்க்கப் போன சனம்...”

“பேரேட்டை எடு முதல்ல. புரோநோட்டுக் கட்டு எங்க?”

“ரொக்கம்ண்ணே?”

“ரொக்கம் போனாச் சம்பாரிச்சுக்கலாம். நோட்டுப் போனா யாருக்கிட்டப் போயி வசூல் பண்றது? பக்கத்துக் கடையில அவுக ஆயர் ஈத்தாமுக்குப் போறதாச் சொன்னாக, கேட்டுட்டு வா.”

இதில் பழஞ்சொல் என்று தனியாக எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை. பயம் என்ற சொல்லும் வரவில்லை. மேலாளுக்குக் குண்டைவிடப் பெரிய கவலை கடன் பத்திரம். பணம் ஊர் முழுக்க மற்றவர்கள் கையில் இருக்கிறது, அதற்குச் சாட்சி அந்தக் கட்டு மட்டும்தான். அவன் எதை முதலில் கேட்கிறான் என்பதிலேயே காலமும் தொழிலும் வந்துவிடுகின்றன. உண்மையிலும் அந்த நாள்களில் பினாங்குக்காரர்கள் ஏராளமாக ஆயர் ஈத்தாம் பக்கம் ஒதுங்கினார்கள். ஆகவே அந்த ஒரு இடப்பெயர் பாத்திரத்தின் வாயில் உறுத்தாமல் உட்காருகிறது. தேதியையும் படையெடுப்பையும் அவன் நமக்கு விளக்கத் தேவையில்லை. பிரதிகளில் நான் அதிகம் அடிக்கிற வரிகள் அவைதான். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

குரல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. அதே வரியைத் தூக்கி இரண்டு தெரு தள்ளிப் பணமாற்றுக் கடை வைத்திருக்கும் மரைக்காயர் வாயில் வையுங்கள். எதையும் மாற்றாமல் பொருந்தினால் செட்டியாருக்கு இன்னும் குரல் வரவில்லை என்று அர்த்தம். பொருந்தாதபோது என்ன மாறுகிறது என்று கவனியுங்கள். மரைக்காயர் கடைப் பையன் வந்து “ரெண்டு பேரு மவுத்தாப் போயிட்டாங்க வாப்பா” என்பான். அவர் “கடையைச் சாத்திட்டுப் பள்ளிக்குப் போ” என்பார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நடக்கிற தூரம்தான். இங்கே மாறியது ஒன்றிரண்டு சொல்லும், ஆபத்தில் கால் தானாகப் போகிற இடமும்.

மலாய்ச் சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பினாங்குக் கதை என்றாலே ‘துவான்’, ‘தவ்கே’ என்று தூவுகிற பழக்கம் வந்துவிட்டது. கிட்டங்கி ஆட்கள் மூன்று வருஷக் கணக்குக்கு வருவார்கள், முடிந்ததும் ஊர் திரும்புவார்கள், மறுபடி வருவார்கள். மூன்றாவது கணக்கில் இருக்கும் மேலாள் சீனக் கடனாளியிடம் சந்தை மலாயில் வட்டி பேசுவான். ஆனால் தன் அடுத்தாளிடம் அதைப் பேசமாட்டான். போன மாசம் கப்பலில் வந்த பெட்டியடிப் பையனுக்கு அந்தச் சொற்கள் காதில் மட்டும்தான் இருக்கும், வாயில் வராது. ஒரே கூடத்தில் மூன்று பேரையும் பேசவிட்டு, யார் வாயில் எத்தனை மலாய் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேருக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால் அது உங்கள் மலாய், அவர்களுடையது அல்ல.

அடுத்த வாரம்: ஊரிலிருந்து ஆச்சி சொல்ல வேறொருவர் எழுதிய காகிதம்.