மணமகள் தோழிக்கு மைக் கிடைத்த கதை

ரிசப்ஷனில் மணப்பெண்ணின் தோழி இரண்டே நிமிடம் பேசினாள், மண்டபமே கை தட்டியது. இதை வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முன்னால் மணமகள் அறைக்குள் நடந்ததைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர்தான். பெண்ணுக்குச் சித்தி என்ற உரிமையில் நானும் அதில் ஒருத்தி. இப்போது சொல்லப்போகிறேன், எல்லாவற்றையும்!

தி.நகர் மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம். மயிலாப்பூர்ப் பெண், அவளோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கோட்டூர்புரத்துத் தோழி. "ஆன்ட்டி, நான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மதியம் அவள் சொன்னதுமே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் நம் ஊர் ரிசப்ஷனில் தோழி பேசுவதற்கென்று ஒரு நேரமே கிடையாது. மேடையில் பரிசுக் கவரோடு வரிசை, கீழே மெல்லிசைக் குழு. மைக்கும் அவர்களுடையதுதான்!

ஆக, முதல் வேலை நேரம் பிடிப்பது. ஏழு மணிக்கு வரிசை வாசல்வரை நீளும், அப்போது பேசினால் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கும். ஒன்பதுக்கு மேல் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். குழுவினர் எட்டு மணிக்கு டீ குடிக்க இறங்குவார்கள். முதல் பந்தி முடிந்தவர்கள் பீடாவோடு மேலே வந்து உட்கார்கிற நேரமும் அதுதான். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினோம்.

மைக் செட் தம்பி இன்னும் பெரிய உபகாரம் செய்தார். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் மைக் 'கூ' என்று கத்தும் என்று மேடைக்கு இடப்பக்கப் படியைக் காட்டி, அங்கேயே நின்று பேசச் சொன்னார். மைக்கின் தலையைக் கையால் பொத்தக் கூடாது, மோவாய்க்குக் கீழே நெருக்கமாகப் பிடித்தால் போதும். படியில் நின்றதால் இன்னொரு லாபம்: வீடியோகாரருக்கு மணமக்கள் முகமும் தோழியின் முகமும் ஒரே சட்டத்துக்குள் கிடைத்தன!

இனி அந்தத் தாள். தோழி எழுதிக்கொண்டு வந்தது இரண்டு பக்கம். நிதானமாகப் படித்துப் பார்த்தாள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனது. அங்கே ஆரம்பித்தது வெட்டு. மாப்பிள்ளையின் பாட்டி, பெண்ணின் அப்பா, பெண் ஆகிய மூன்று பேரையும் மனத்தில் முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் அவர்களுக்குப் படித்தாள். மூவரில் ஒருவர் தலையைக் குனிவார் என்று தோன்றினாலும் அந்த வரி போயிற்று. ஹாஸ்டல் கதை போயிற்று. "இவள் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்பதும் போயிற்று, மாப்பிள்ளை வீட்டாரை ஒரு படி இறக்கிவிடும் என்பதால். ஆங்கிலத்தில் எழுதிய முன்னுரை பாட்டிக்குப் புரியாது, அதுவும் போயிற்று. "அன்பானவள், பண்பானவள்" எல்லாம் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் என்று அவளே அடித்தாள்.

மிஞ்சியது ஒரே ஒரு சம்பவம். அதை எப்படி முடிப்பது? அங்கேதான் காபி தேடி வந்த எங்கள் பெரியப்பா மாட்டினார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், விடுவாரா?

"திருமண மேடையில் பேச்சு நமக்குப் புதுசு இல்லையம்மா. சுயமரியாதைத் திருமணத்தில் வாழ்த்துரைதான் முக்கியமான நிகழ்ச்சியே. ஆனால் அங்கே பேசுவது பெரும்பாலும் தலைவர்கள், பெரியவர்கள். தோழி பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் சங்கப் பாட்டுக்குப் போகணும். நற்றிணையில் பத்தாவது பாட்டு" என்று உட்கார்ந்துகொண்டார்.

காதலனோடு ஊரை விட்டுப் புறப்படும் பெண்ணை, தோழி அவன் கையில் ஒப்படைக்கிற பாட்டு அது. மொத்தமே 9 அடி. அதில் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: இளமை தளர்ந்து, கூந்தல் நரைத்துப் போனாலும் இவளைக் கைவிட்டுவிடாதே. அதற்குக் காரணமும் ஒன்றே: உன் சொல்லை நம்பி வருகிறாள். அந்தச் சொல் எப்படிப்பட்டது? போஒர் என்ற ஊரின் தலைவன் பழையனுடைய வேல் குறி தப்பாதது போல, பிழைக்காத சொல். "பார்த்தாயா? அவனைத் தாழ்த்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நீ சொல் தவறாதவன் என்று உயர்த்திவிட்டுத்தான் கேட்கிறாள். ஒரு வேண்டுகோள், ஒரு காரணம், அவ்வளவுதான்!"

தோழி பேனாவை எடுத்தாள். அவள் எழுதி முடித்ததைத்தான் எட்டு மணிக்கு மண்டபம் கேட்டது:

"எல்லாருக்கும் வணக்கம். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி, எங்க கோட்டூர்புரம் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. அப்போ நாங்க ரெண்டு பேரும் பிளஸ் டூ. நாங்க மாடிக்கு ஏறிட்டோம், என் நோட்டெல்லாம் கீழயே போயிடுச்சு. ஸ்கூல் திறந்தப்புறம் நான் அதை யார்கிட்டயும் சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சு என் பையில ஒரு கெமிஸ்ட்ரி நோட்டு இருந்தது. முதல் பாடத்துலேர்ந்து எல்லாம் இவ கையெழுத்து. அடுத்த வாரம் ஃபிசிக்ஸ். எப்போ உக்காந்து எழுதினேன்னு இன்னைக்கு வரைக்கும் இவ சொன்னதில்ல.

"மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மத்தவங்க கேக்கறதுக்கு முன்னாடி செய்ய இவளுக்குத் தெரியும். தனக்கு வேணும்னு கேக்கத் தெரியாது. அதனால இவ கேக்கறதுக்கு முன்னாடி நீங்க கவனிச்சுக்கோங்க. நீங்க கவனிப்பீங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா இவ லேசுல யாரையும் நம்ப மாட்டா. உங்களை நம்பியிருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். பெரியவங்க எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க."

அவ்வளவுதான்! நிதானமாகப் பேசியும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. சம்பவத்தில் நோட்டைத் தொலைத்தவள் பேசுகிறவள்தான், கொடுத்தவள் மணப்பெண். அதனால் மேடையில் இருந்தவளுக்குக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, பெருமைப்படத்தான் இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இந்த நோட்டு விஷயமே அன்றுதான் தெரியும்! வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்கள் நிறைந்த கூடம் என்பதால், எந்த டிசம்பர் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரிடி" என்றார். இருவரில் யாரைச் சொன்னாரோ, இருவருக்கும் பொருந்தும்.

கைத்தட்டல் அடங்குவதற்குள் மாப்பிள்ளை செய்ததுதான் எனக்கு உச்சம். மணப்பெண்ணின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் "ஒண்ணுமில்ல" என்று தலையசைத்தாள். அவர் மேடையோரம் நின்ற தன் தம்பியைக் கூப்பிட்டு, "வரிசையைப் பத்து நிமிஷம் நிறுத்துடா. இவ மத்தியானத்துலேர்ந்து சாப்பிடல" என்றார்.