எழுத்தைத் திருத்தாமலே நோயை அடக்கிய ஒட்டு

அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய்க்கு மூலகாரணம் ஒரே ஒரு எழுத்து. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ‘ஏ’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘டி’ இருக்கிறது. அதனால் சங்கிலியின் ஆறாவது அமினோ அமிலம் மாறிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாளாக வளைந்து மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்க, தாங்க முடியாத வலி வருகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இந்நோய்க்கு ‘காஸ்கெவி’ என்ற சிகிச்சையை அனுமதித்தன. கிரிஸ்பர் முறையில் உருவாகி ஒப்புதல் பெற்ற முதல் சிகிச்சை அதுதான். தப்பான எழுத்தைத் திருத்திவிட்டார்கள் என்றே பலரும் நினைத்தோம். உண்மையில் யாரும் அதைத் தொடவில்லை. குணமடைந்தவரின் செல்களில் அந்த ‘டி’ இன்றும் அப்படியே இருக்கிறது. தொடாமல் விட்டதற்கான காரணம், வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வைச் செல் எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

கிரிஸ்பரில் வரும் காஸ்-9 நொதி குறித்த இடத்தில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் துண்டிக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு நடப்பதெல்லாம் செல்லின் பொறுப்பு. ஓர் இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் அறுந்துவிட்டால் பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அப்போது செல்லுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, முனை இணைப்பு. முறிவு விழுந்த சில நொடிகளில் ‘கு’ என்ற வளையப் புரதம் அறுந்த இரு முனைகளிலும் மோதிரம்போல ஏறிக்கொள்கிறது. அது அழைத்துவரும் புரதங்கள் முனைகளை அருகருகே பிடித்து, பிசிறு இருந்தால் நறுக்கி, கடைசியில் லிகேஸ்-4 என்ற நொதியால் ஒட்டிவிடுகின்றன. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். செல் எந்த நிலையில் இருந்தாலும் இது நடக்கும். நறுக்கும்போது ஓரிரு எழுத்து போகலாம், ஓர் எழுத்து கூடுதலாக நுழையலாம்.

இன்னொன்று ஒத்த மறுசேர்க்கை. கிழிந்த கிரயப் பத்திரத்தை அப்படியே ஒட்டிவைக்காமல், பதிவு அலுவலக நகலைப் பார்த்து அழிந்த வரிகளை எழுதிச் சேர்ப்பது போன்ற வேலை இது. முதலில் நொதிகள் முறிந்த முனைகளில் ஒரு பக்க இழையை நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்கு மேல் தின்றுவிடுகின்றன. மிஞ்சிய ஒற்றை இழையின் மேல் ராட்51 என்ற புரதத்தை வரிசையாக ஏற்றிவைக்கிறது பி.ஆர்.சி.ஏ.2. மார்பகப் புற்றுநோய்ச் செய்திகளில் அடிபடும் அதே பெயர்தான். ராட்51 போர்த்திய இழை தன்னைப் போன்ற வரிசை எங்கே என்று தேடி, கண்ட இடத்தில் நுழைந்து, விட்டுப்போனதைப் படியெடுத்துக்கொண்டு திரும்புகிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆனால் எழுத்துப் பிசகாது.

சிக்கல் அந்த நகலில்தான். செல் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் இரட்டிப்பாக்குகிறதே, அப்போது கிடைக்கும் சகோதர இழைதான் நம்பகமான நகல். அது இருக்கும் காலம்வரை மட்டுமே இந்த வழி திறந்திருக்கும். முனையைத் தின்னும் நொதிகளுக்கு அனுமதி தருபவையும் செல் பிரிவை நடத்தும் புரதங்களே என்பதால், பிரியாத செல்லில் அந்த முதல் படியே சரியாகத் தொடங்காது.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். மாற்ற வேண்டியது எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்லை. ஆயுள் முழுக்க ரத்தம் தரக்கூடிய செல்கள் பெரும்பாலும் பிரியாமல் உறங்குகின்றன. ஊக்கிகள் ஊற்றி எழுப்பலாம். ஆனால் அப்படிப் பிரியத் தொடங்கும் செல் மெல்ல மெல்லத் தன் ஸ்டெம் தன்மையை இழக்கிறது. துல்லியமான வழி யாருக்கு வேண்டுமோ அவர்களிடமே அது பூட்டிக் கிடக்கிறது.

காஸ்கெவி இந்தப் பூட்டோடு மல்லுக்கு நிற்கவில்லை. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் அதை அணைத்துவிடுகிறது. சிவப்பணு வரிசையில் மட்டும் இந்தப் புரதத்தைக் கூட்டித் தரும் ஒரு சிறு டி.என்.ஏ. பகுதி உண்டு. அதற்குள் காஸ்-9 வெட்டினால் போதும், மீதியை முனை இணைப்பு பார்த்துக்கொள்ளும். ஓர் எழுத்து போனாலும் பத்து எழுத்து போனாலும் அந்தப் பகுதி கெட்டுவிடும், கரு ஹீமோகுளோபின் திரும்பிவிடும். எப்படிக் கெட வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. ஒட்டு பிழையில்லாமல் விழுந்தாலும் கவலையில்லை. வரிசை பழையபடியே இருப்பதால் காஸ்-9 அதை அடையாளம் கண்டு மறுபடி வெட்டும். பிழை விழுந்த பிறகே விட்டுவிடும்.

பரிசோதனையில் ஓராண்டுக்கு மேல் கவனிக்க முடிந்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை. எளிதான சிகிச்சை அல்ல. செல்களை வெளியே எடுத்து வெட்டிய பிறகு, உள்ளே மிஞ்சிய மஜ்ஜையை புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் அழித்துவிட்டே அவற்றைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

எழுத்தையே திருத்தப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கிராஃபைட் பயோ நிறுவனம் பீட்டா மரபணுவிலேயே வெட்டி, சரியான வரிசையை ஒரு வைரஸ் மூலம் நகலாகக் கொடுத்தது. முதல் நோயாளிக்கு ரத்த அணுக்கள் நீண்ட நாள் ஏறாமலே இருந்ததால் 2023 ஜனவரியில் பரிசோதனையை நிறுத்தினார்கள். இந்த வழியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நகலைப் பார்த்துத் திருத்தாத செல்களில் முனை இணைப்பு முந்திக்கொள்ளும். அங்கே விழும் பிழை பீட்டா மரபணுவையே உடைத்துவிடும். அரிவாள் போய் தலசீமியா வந்த கதைதான். காஸ்கெவிக்கு வரமாய் அமைந்த அதே ஒட்டு இங்கே வினையாகிறது.

அப்படியானால் முனை இணைப்பை மருந்தால் தடுத்துவிட்டால் என்ன? அதன் முக்கிய நொதி ஒன்றை முடக்கும் ஏ.இசட்.டி.7648 என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்தபோது திருத்த விகிதம் ஆச்சரியப்படும்படி உயர்ந்தது. 2024இல் சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வுக் குழு அந்தச் செல்களைத் துருவிப் பார்த்தது. வெட்டிய இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான எழுத்துகள் காணாமல் போயிருந்தன. சில செல்களில் குரோமோசோமின் ஒரு கை முழுவதுமே இல்லை. வழக்கமான சோதனையில் இது ஏன் தெரியவில்லை? கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய பி.சி.ஆர். உத்தியில், வெட்டின் இருபுறமும் சில நூறு எழுத்துகளுக்குள் இரண்டு தொடக்கப் புள்ளிகளை வைத்து இடையிலுள்ளதைப் பெருக்கிப் படிப்பார்கள். அந்தப் புள்ளிகளே அழிந்துபோன செல்களிலிருந்து பெருக்க எதுவும் கிடைக்காது. அவை கணக்கிலேயே வராமல் விடுபட, மிஞ்சியவற்றில் திருத்தம் பெற்றவையே அதிகம் என்று அறிக்கை வரும். இதைப் பிடிக்க வேண்டுமானால் பல்லாயிரம் எழுத்துகளை ஒரே வீச்சில் படிக்கும் நீள்வாசிப்புக் கருவிகளோ, ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்களின் அளவைத் தனித்தனியாக எண்ணும் சோதனையோ வேண்டும்.