துள்ளலை அடக்கும் சராசரி

அரைச் சுற்று முழுவதும் +1, அடுத்த அரைச் சுற்று −1 என்று மாறிமாறி வரும் அலைக்குச் சதுர அலை என்று பெயர். 0 டிகிரியில் அது செங்குத்தாகத் தாவுகிறது. இப்படி மூலை மடிந்த வடிவத்தையும் வழவழப்பான சைன் அலைகளைக் கூட்டியே உருவாக்கலாம் என்பதுதான் ஃபூரியர் தொடரின் அடிப்படை. ஒரு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என ஒற்றைப்படை அதிர்வெண் கொண்ட அலைகளை, உயரத்தை முறையே 1, 1/3, 1/5 என்று குறைத்துச் சேர்த்து, மொத்தத்தை 4/π ஆல் பெருக்க வேண்டும்.

ஒன்பதாம் மடங்கு வரை ஐந்து அலைகளை மட்டும் கூட்டிப் பார்ப்போம். தாவலைத் தாண்டி சுமார் 11 டிகிரியில் கோடு 1ஐ எட்டிவிடுகிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை. 18 டிகிரியில் 1.18 வரை துள்ளி, பிறகு 1ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடுகிறது. அலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் இது மறைந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். துள்ளல் தாவலை நெருங்கி ஒடுங்குகிறதே தவிர, உயரம் குறைவதில்லை. ஆயிரம் அலைகளைச் சேர்த்தாலும் உச்சி சுமார் 1.179தான், தாவலின் மொத்த உயரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம். 1898, 1899 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றிக் கடிதங்கள் எழுதிய கிப்ஸின் பெயரே இதற்கு நிலைத்தது. வில்பிரகாம் 1848லேயே இதைக் கண்டு எழுதியிருந்தார்.

இதற்கு ஒரு மருந்தை 1900இல் ஹங்கேரியின் லிபோட் ஃபெயர் தந்தார். அப்போது அவருக்கு 20 வயது. கடைசிக் கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதே, வழியில் கிடைத்த எல்லாக் கூட்டுத்தொகைகளையும் சராசரி எடு என்பதே அவருடைய முறை.

நம் கணக்கில் எந்த அலையும் சேராத நிலை முதல் ஒன்பதாம் மடங்கு வரை பத்துக் கூட்டுத்தொகைகள் உள்ளன. முதல் அலை அவற்றில் ஒன்பதில் இருக்கிறது. மூன்றாம் மடங்கு ஏழில், ஒன்பதாம் மடங்கு ஒன்றே ஒன்றில். ஆகவே சராசரி எடுப்பது என்றால் ஐந்து அலைகளையும் முறையே 0.9, 0.7, 0.5, 0.3, 0.1 ஆல் பெருக்கிக் கூட்டுவதுதான். கணக்கிட்டால் 18 டிகிரியில் 1.18 இருந்த இடத்தில் 0.77 வருகிறது. கோடு எங்குமே 1ஐத் தாண்டுவதில்லை.

ஏன் தாண்டாது? கூட்டுத்தொகை ஒரு புள்ளியில் காட்டும் மதிப்பு, உண்மையில் மூல அலையின் எல்லா மதிப்புகளையும் ஏதோ ஒரு எடை போட்டுக் கலந்தது. சாதாரணக் கூட்டுத்தொகையில் சில எடைகள் எதிர்மறையாக இருக்கும். −1 இருக்கும் பக்கத்தில் எதிர்மறை எடை விழுந்தால் இரண்டும் பெருகி நேர்மறையாகி உயரத்தைக் கூட்டிவிடும்; துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது. ஃபெயரின் சராசரியில் எடை ஒரு வர்க்கமாக அமைவதால் ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகாது. +1ஐயும் −1ஐயும் எதிர்மறை இல்லாத எடைகளால் கலந்தால், விடை அவ்விரண்டுக்கும் நடுவிலேயே நிற்கும். நான் அறிந்த நிரூபணங்களில் இவ்வளவு சுருக்கமாகவும் முழுமையாகவும் அமைந்தவை குறைவு.

விலையும் அதே எடைகளில்தான் இருக்கிறது. அவை தொலைவு வரை பரவியிருப்பதால், தாவலுக்கு மறுபக்கத்தில் உள்ள −1 இந்தப் பக்கத்துக்கும் கசிகிறது. சாதாரணக் கூட்டுத்தொகை 0.9ஐத் தொட 9 டிகிரி சொச்சம் போதும். சராசரிக்கு ஏறத்தாழ 44 டிகிரி தேவைப்படுகிறது. தாவலிலிருந்து மிகத் தொலைவான 90 டிகிரியிலும் அது 0.936தான். தாவும் இடத்தில் கோட்டின் சரிவு 6.37இலிருந்து 3.18 ஆக, அதாவது சரிபாதியாகக் குறைகிறது. அலைகளின் எண்ணிக்கையை இரட்டித்து, இருபது கூட்டுத்தொகைகளைச் சராசரி எடுத்தால் பழைய சரிவு திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்து அலைகளைச் சராசரி எடுக்காமல் கூட்டியிருந்தால் சரிவு அதைப் போல இருமடங்கு ஆகியிருக்கும். எத்தனை அலை சேர்த்தாலும் இந்த விகிதம் மாறாது.

இந்தப் பேரம் மருத்துவமனையிலும் நடக்கிறது. எம்.ஆர்.ஐ. கருவி படத்தை ஃபூரியர் அலைகளிலிருந்தே கட்டுகிறது. அளக்கும் அலைகளுக்கு எல்லை உண்டு. அதனால் தண்டுவடமும் அதைச் சூழ்ந்த திரவமும் சந்திக்கும் கூர்மையான எல்லைக்கு அருகே போலிக் கோடுகள் எழுகின்றன. சில சமயம் தண்டுவடத்துக்குள் நீர்ப்பை இருப்பது போன்ற தோற்றத்தையும் அவை தருகின்றன. உயர் அதிர்வெண்களின் எடையைக் குறைத்தால் கோடுகள் மங்கும், உண்மையான எல்லையும் கூடவே மங்கும். அதிக அலைகளை அளந்து மீண்டும் படமெடுத்தால் போலிக் கோடு எல்லையை நெருங்கி ஒடுங்கும். உண்மையான நீர்ப்பை இடம் மாறாது. நோயாளி கூடுதல் நேரம் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தாலும், சந்தேகம் உள்ள இடத்தில் படத்தை வழவழப்பாக்குவதைவிட இதுவே சரியான வழி.