திறக்காத இணைப்புக்கு ஒரு மாற்று

ஒரு தளத்தில் உள்ள இணைப்பு திறக்கவில்லை என்பதை அதன் பொறுப்பாளருக்குத் தெரிவித்து, அந்த இடத்தில் தன் புதிய கட்டுரையைச் சேர்க்க முடியுமா என்று கேட்பது இணையத்தில் எழுதுபவர்களிடம் நெடுநாளாக இருக்கும் வழக்கம். அப்படிக் கேட்க வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. பக்கம் போய்விடும், அதைச் சுட்டிய இணைப்புகள் மட்டும் மற்ற தளங்களில் அப்படியே கிடக்கும்.

கேட்பவருக்கு இதில் இரண்டு ஆதாயம். அந்தத் தளத்துக்கு வரும் வாசகர்கள் இவருடைய கட்டுரைக்கும் வருவார்கள். மற்றொன்று கூகுள். அதை உருவாக்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்குப் பிற தளங்கள் தரும் இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டது. இன்றும் தேடல் வரிசையைத் தீர்மானிப்பவற்றில் இணைப்புகளுக்கு இடம் உண்டு. இந்த ஆதாயத்துக்காகவே ஒரே கடிதத்தை ஆயிரம் பேருக்கு அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் தளப் பொறுப்பாளர்கள் இத்தகைய கடிதங்களைத் திறக்காமலே அழிக்கப் பழகிவிட்டார்கள். அந்தக் கும்பலிலிருந்து ஒரு கடிதம் தனித்துத் தெரிவது அதை எழுதுவதற்கு முன் நடக்கும் வேலையால்தான்.

சென்னையில் ஒரு கல்லூரி நூலகம் தன் தளத்தில் மழைநீர் சேகரிப்புக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பலவற்றுக்கு அந்தப் பக்கத்தில் இணைப்பு இருக்கிறது. அவற்றில் ஒன்று திறக்கவில்லை. வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி அமைத்துத் தருபவர் ஒருவர் இதைக் கவனிக்கிறார். அதே பொருளில் அவர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்.

இணைப்பு உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. உலாவியில் ஒருமுறை திறக்காமல் போனதை வைத்து முடிவு செய்யக் கூடாது. முனையத்தில் இப்படிக் கேட்டால் வழங்கி நேரடியாகப் பதில் சொல்லும்:

```
curl -I https://example.org/mazhaineer.html
HTTP/1.1 404 Not Found
```

404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. 410 என்றால் நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். 403, 503 ஆகிய எண்கள் வந்தால் அவசரப்படக் கூடாது. முதலாவது, பக்கம் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வழங்கி அப்போதைக்குத் தடுமாறுகிறது என்பதை. வெளிநாட்டிலிருந்து வரும் கோரிக்கைகளைத் தடுக்கும் அரசுத் தளங்களும் உண்டு. துபாயிலிருந்து திறக்காத பக்கம் மதுரையில் திறக்கும். ஆகவே வேறொரு நாளில், வேறொரு இணைய இணைப்பிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். நன்றாகத் திறக்கும் இணைப்பைச் செத்துவிட்டதாக எழுதினால் அந்தக் கடிதம் அங்கேயே முடிந்தது.

இதற்கு நேர்மாறான சிக்கல் இன்னும் மோசமானது. பழைய தளத்தின் பெயரை உரிமையாளர் புதுப்பிக்காமல் விட, வேறு யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் வைத்திருப்பார்கள். வழங்கி ‘200 OK’ என்றே பதில் சொல்லும். உடைந்த இணைப்புகளைத் தேடும் கருவிகள் இதைக் கண்டுகொள்ளாது. கண்ணால் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். நூலகத்தின் பக்கத்திலிருந்து மாணவர்கள் சூதாட்டத் தளத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் எந்த நூலகரும் அன்றே திருத்துவார். கடிதத்தில் சொல்ல இதைவிட முக்கியமான செய்தி கிடையாது.

அடுத்து, செத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் இதற்கு உதவுகிறது. web.archive.org தளத்தில் பழைய முகவரியைக் கொடுத்தால், அது சேமிக்கப்பட்டிருந்தால், தேதிவாரியாகப் பிரதிகள் கிடைக்கும். கூடவே அந்தப் பக்கத்தின் தலைப்பை அப்படியே தேடியும் பார்க்க வேண்டும். பல நேரங்களில் பக்கம் அழிந்திருக்காது. தளத்தைச் சீரமைத்தபோது வேறு முகவரிக்கு மாறியிருக்கும். அப்படியானால் நூலகருக்குச் சொல்ல வேண்டியது அந்தப் புதிய முகவரிதான். தன் கட்டுரைக்கு அங்கே இடமில்லை. இதை மறைத்துத் தன் கட்டுரையை நீட்டினால், நூலகர் அரை நிமிடம் தேடியதும் உண்மை வெளிப்பட்டுவிடும். நேர்மையாகப் புதிய முகவரியை மட்டும் எழுதி அனுப்பியவருக்கு இணைப்பு கிடைக்காது. ஆனால் அவர் பெயரை நூலகர் நினைவில் வைத்திருப்பார்; பிறகொரு நாள் அவர் எழுதினால் கடிதம் திறக்கப்படும்.

நம் எடுத்துக்காட்டில் பக்கம் வேறெங்கும் இல்லை. காப்பகத்தில் பிரதி மட்டும் இருக்கிறது. அதில் மூன்று செய்திகள் உள்ளன: கூரையில் விழும் நீரைக் கணக்கிடுவது, வடிகட்டித் தொட்டியில் ஜல்லியையும் மணலையும் அடுக்குவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொட்டியைச் சுத்தம் செய்வது. தொட்டி அமைப்பவரின் கட்டுரையில் பின்னிரண்டும் விரிவாக இருக்கின்றன, முதலாவது இல்லை. ஆனால் நூலகத்தின் பக்கத்தில் அந்த இணைப்பைச் சுற்றியுள்ள வாக்கியம், “கூரை நீரின் அளவைக் கணக்கிடும் முறைக்கு இந்த வழிகாட்டியைப் பார்க்கவும்” என்கிறது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். தலைப்பு ஒன்றாக இருந்தால் மாற்று பொருந்திவிடும் என்று நினைக்கிறார்கள். நூலகம் எதற்காக அந்த இணைப்பைக் கொடுத்தது என்பதை அதைச் சுற்றியுள்ள வாக்கியமே சொல்கிறது. அந்தத் தேவையைத் தீர்க்காத கட்டுரை, எவ்வளவு புதியதாக இருந்தாலும் மாற்றாகாது.

எனவே கடிதத்துக்கு முன் கட்டுரை திருந்த வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1000 லிட்டர். கூரையில் ஊறுவதும் ஆவியாவதும் போக, கான்கிரீட் கூரையில் சுமார் 800 லிட்டரைக் கணக்கில் கொள்ளலாம். இந்தக் கணக்கைத் தன் சொற்களில் விளக்கி அவர் கட்டுரையில் சேர்க்கிறார். காப்பகப் பிரதியை வரிவரியாக எடுத்துப் போடக் கூடாது. பக்கம் செத்தாலும் அதன் எழுத்துக்கு உரிமை உள்ளவர் இருக்கிறார்.

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். பொதுப் பெட்டிக்குப் போகும் கடிதத்தைவிட, அந்தப் பக்கத்தைப் பராமரிப்பவருக்கு நேராகப் போவது படிக்கப்படும். அவருடைய பதவி பெரும்பாலும் பக்கத்தின் அடியிலேயே இருக்கும். பக்கத்தில் பாதி இணைப்புகள் செத்து, கடைசியாகத் திருத்தி ஆண்டுகள் பல ஆகியிருந்தால், அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை என்று பொருள். அதற்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு கடிதம் சிறியதுதான். பொருள் வரியில் “மழைநீர் சேகரிப்புப் பக்கத்தில் ஓர் இணைப்பு திறக்கவில்லை” என்று எழுதலாம். ‘கூட்டு முயற்சி’, ‘அருமையான வாய்ப்பு’ என்று எழுதினால் விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். உள்ளே இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நூலகத் தளத்தின் மழைநீர் சேகரிப்புப் பக்கத்தில், ‘வீட்டு முறைகள்’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக உள்ள இணைப்பு திறக்கவில்லை. இரண்டு நாட்கள் பார்த்தும் 404 என்றே வருகிறது. அந்த வழிகாட்டி வேறு முகவரிக்கு மாறியதாகத் தெரியவில்லை. அதன் பழைய பிரதி இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முகவரியைக் கீழே தந்திருக்கிறேன். வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி அமைத்துத் தருவது என் தொழில். கூரை நீரைக் கணக்கிடுவது, வடிகட்டி அடுக்குவது, ஆண்டுதோறும் சுத்தம் செய்வது ஆகியவற்றை விளக்கி நான் எழுதிய கட்டுரையின் முகவரியும் கீழே உள்ளது. பொருத்தமாக இருந்தால் அதைச் சேர்க்கலாம். காப்பகப் பிரதியே போதுமென்றால் அதுவும் சரிதான். நன்றி.”

இணைப்பு எந்தத் தலைப்பின் கீழ், எத்தனையாவது என்று சொல்லியிருப்பதால் நூலகர் தேட வேண்டியதில்லை. கட்டுரை தன்னுடையது என்பதையும், தன் தொழில் அதோடு தொடர்புள்ளது என்பதையும் எழுதியவர் மறைக்கவில்லை. ‘தற்செயலாக ஒரு நல்ல கட்டுரையைப் பார்த்தேன்’ என்று மூன்றாம் ஆள் போல எழுதுகிறவர்கள் உண்டு. முகவரியையும் கட்டுரையாளர் பெயரையும் ஒப்பிட்டால் அது எளிதில் தெரிந்துவிடும். காப்பகப் பிரதியைக் குறிப்பிடுவது தன் வாய்ப்பைக் குறைத்துக்கொள்வது போலத் தோன்றலாம். ஆனால் அதுவே, எழுதியவருக்கு அந்தப் பக்கத்தின் வாசகர்மீது அக்கறை இருக்கிறது என்பதற்குச் சான்று. தவிர, காப்பகப் பிரதியில் எண்களும் விதிகளும் பழையவையாகவே இருக்கும். புதிய கட்டுரை உண்மையிலேயே மேலானதாக இருந்தால், பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும்போது அது தெரிந்துவிடும்.

பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வராது. வாரம் பத்து நாள் கழித்து ஒரேயொரு நினைவூட்டல் போதும். சில தளங்களில் செத்த இணைப்பை நீக்கிவிட்டு மாற்றுச் சேர்க்காமல் விடுவார்கள். அது அவர்கள் உரிமை. “சேர்க்கிறோம், கட்டணம் இவ்வளவு” என்று பதில் வந்தால் விலகிவிடுவது நல்லது. தரவரிசைக்காக இணைப்புகளை வாங்குவதையும் விற்பதையும், அளவுமீறி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதையும் கூகுளின் விதிகள் ஸ்பேம் என்றே வகைப்படுத்துகின்றன. பணம் கொடுத்துப் பெறும் இணைப்பில் `rel="sponsored"` என்ற குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்போடு வரும் இணைப்பு பொதுவாகப் பரிந்துரையாகக் கணக்கிடப்படுவதில்லை.

நூலகர் சேர்த்துவிட்டால், அந்த இணைப்பைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். முகவரியை ஒட்டும்போது கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் சேர்ந்துகொண்டால் புதிய இணைப்பும் 404 ஆகிவிடும். அதன் பிறகு கட்டுரையின் முகவரியை மாற்றாமல் வைத்திருப்பது எழுதியவரின் பொறுப்பு. தளத்தைச் சீரமைக்கும்போது மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திசைமாற்றத்தை அமைக்க வேண்டும். அப்பாச்சி வழங்கியில் அதற்கு ஒரு வரி போதும்:

```
Redirect 301 /kurai-neer.html /mazhaineer/kurai-neer.html
```