துறவியைப் பார்க்கப் போன பொறியாளர்

எதையும் நம்பாத பொறியாளர் ஒருவர் மலையேறுகிறார். அங்கிருக்கும் துறவி அவர் மனதில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறார். கடைசிப் பத்தியில் பொறியாளர் காலில் விழுகிறார். இந்தச் சிறுகதையை ஏதாவது ஒரு வடிவில் எல்லோரும் படித்திருப்போம். நம்பும்படியாக இருப்பதில்லை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர் ஒரு சித்து வேலையில் மாறிவிடுவாரா? அவர் மாறுவதென்றால் அவருடைய தொழில் வழியாகத்தான் மாற வேண்டும்.

கதையை உத்தராகண்டில் ஜோஷிமட் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். பழைய நிலச்சரிவில் வந்து குவிந்த மண்ணிலும் கல்லிலும் நிற்கிற ஊர் அது. சாலையை அகலப்படுத்த வந்த பொறியாளர், சரிவில் குடிசை போட்டிருக்கும் சாதுவைக் காலி செய்யச் சொல்லப் போகிறார். சாது நோட்டீஸை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்கிறார்.

"மழை பெய்தால் கலங்கத்தானே செய்யும், பாபாஜி?"

"மழை எங்கே பெய்தது, பேட்டா?"

கதை தொடங்குவது இங்கேதான். மழையில்லாத மாதத்தில் ஊற்று கலங்கினால், சரிவுக்குள்ளிருந்து நுண்மண் அரித்துக்கொண்டு போகிறதோ என்று யோசிக்க வேண்டும். ஆனால் மேலே யாராவது மண் வெட்டினாலும், மாடு இறங்கினாலும் தண்ணீர் கலங்கும். அதனால் அவர் சாதுவை நம்பிவிடுவதில்லை. குடிசையின் கல்சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனைகளிலும் சிமென்ட் பூசி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு இறங்குகிறார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

அடுத்த முறை வரும்போது உடைந்திருக்கிறது. சாதுவே தட்டியிருப்பாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. நியாயமான சந்தேகம்தான், ஆள் புழங்காத பாறை வெடிப்பில் இன்னும் இரண்டு கண்ணாடி ஒட்டுகிறார். அவையும் உடைகின்றன. அதற்குப் பிறகுதான், தினமும் கடந்துபோன தேவதாரு மரங்கள் அடியில் சாய்ந்து, மேலே போகப் போக நிமிர்ந்திருப்பது கண்ணில் படுகிறது. மரம் வளர வளரக் காலடி மண் கீழே ஊர்ந்துகொண்டே இருந்தால் தண்டு அப்படித்தான் வளையும்.

இதற்குமேல் அவரைக் காவி கட்டவைத்தால் கதை கெட்டுவிடும். கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் "தண்ணீர் எப்படி, பாபாஜி?" என்று கேட்கத் தொடங்குகிறார். சாலையை வேறு வழியில் கொண்டுபோகச் சொல்லி அறிக்கை எழுதுகிறார். இந்த அளவு மாற்றம் போதும்.

அறிக்கை என்ன ஆனது என்பதை எழுத்தாளர் கற்பனை செய்யத் தேவையில்லை. ஜோஷிமட்டில் கனமான கட்டுமானங்கள் கூடாது என்று மிஸ்ரா குழு 1976-இலேயே எழுதிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. ஊரின் கீழ்ப்பகுதியில் சேற்றுநீர் பீறிட்டது.