வலி மாத்திரை அல்ல, யூரிக் அமில மாத்திரை

நள்ளிரவில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. கவுட் வாதம். வீட்டில் இரண்டு அட்டைகள். எதைப் பிரிப்பது?

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை நம்ப வேண்டாம். அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், எடோரிகாக்சிப் என்றிருந்தால் வலி மாத்திரை. அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் என்றிருந்தால் உடலில் யூரிக் அமிலம் உருவாவதைக் குறைப்பது. அது இன்றைய வலியைத் தொடாது. கோல்சிசின் மூன்றாவது வகை. கவுட் வீக்கத்தைத் தணிக்கும், ஆனால் தலைவலிக்கோ முதுகுவலிக்கோ உதவாது; அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் அலோபியூரினால் 100 மி.கி. தினமும் ஒன்று எழுதித் தருகிறார். மூன்றாம் வாரம் மறுபடி வலி. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அமில அளவு இறங்கும்போது மூட்டில் படிந்த படிகங்கள் கரையத் தொடங்கும்; அப்போது வலி கிளம்புவது உண்டு. அதனால்தான் தொடக்க மாதங்களில் கோல்சிசினையும் சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் 6 மி.கி.க்குக் கீழே வரும்வரை அளவைக் கூட்டி, வலி இல்லாத நாளிலும் தொடர வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி வேறு: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல். அன்றே மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் வலி மாத்திரையைத் தாமாக வாங்கவே கூடாது.