எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது

அப்பா போய்விட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தால், கேட்டவர் அழுகைக்கு நடுவே முதலில் கேட்பது "எப்ப எடுக்கிறாங்க?" என்பதுதான். நம் ஊர்களில் காலையில் உயிர் பிரிந்தால் பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாள் முற்பகலோ எடுத்துவிடுவார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தாலும், அந்தக் காத்திருப்பு ஒரு நாளைத் தாண்டுவது அரிது. சென்னையில் வேலை பார்ப்பவர் தென்காசிப் பக்கம் போய்ச் சேரப் பஸ்ஸில் 12 மணி நேரம் ஆகலாம். இந்தக் கணக்கு தெரிந்த மேலதிகாரி ஒருவர், காலை 6 மணிக்குக் கேட்ட லீவுக்கு மாலை 5 மணிக்கு "சரி, போய்ட்டு வாங்க" என்று பதில் அனுப்பினால், அவர் லீவு கொடுத்ததாகத்தான் அலுவலகப் பதிவேடு சொல்லும். உண்மையில் அவர் மறுத்திருக்கிறார். அதனால்தான் இந்த விஷயத்தில் தேதியோடு மணியும் நிமிடமும் சேர்த்து எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். துக்கத்துக்கென்று தனி விடுப்பு, தனியார் ஊழியர்கள் எல்லோருக்கும் பொதுவாக, இந்தியச் சட்டத்தில் கிடையாது. சில நிறுவனங்கள் தாமாகவே மூன்று நாளோ ஐந்து நாளோ தருகின்றன. அரசு ஊழியருக்கும் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றே விதிகள் தொடங்குகின்றன. மத்திய அரசின் 1972 விடுப்பு விதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கு 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது 1948 சட்டத்தில் வந்த வழக்கம். சாவு 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை.

தமிழ்நாட்டில் கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்கலாம் என்கிறது. நோய்க்கான 12 நாள் இதிலிருந்து தனி. தாயின் மரணம் நியாயமான காரணம் இல்லையென்று எந்த அதிகாரியும் எழுத்தில் கையெழுத்துப் போட்டுச் சொல்ல மாட்டார். வாயால் சொல்வார், சொல்லாமல் இழுத்தடிப்பார்.

இதை வெறும் நிர்வாகக் கண்டிப்பு என்று ஒதுக்காமல் கொடுமை என்றே நான் எழுதுகிறேன். வேலை அவசரம் என்று ஒருவரை நிறுத்திவைப்பதும், இல்லாத ஒரு காகிதத்தைக் கேட்டு நிறுத்திவைப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது பதில்களின் வரிசைதான். ஒரு பதிலைத் தனியாக எடுத்தால் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்து வைத்தால் முகம் தெரியும்.

இப்படி ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண். மார்ச் 27 காலை 5.30க்கு ஊரில் அம்மா இறந்துவிடுகிறார். 5.50க்கு மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். 6.05க்குப் போனில் பேசுகிறார். "வருஷக் கடைசி, ஆடிட் நேரம். உங்க வீட்டுல பார்த்துக்க வேற யாரும் இல்லையா?" என்பது பதில். 9.30க்கு நிறுவனத்தின் லீவு பக்கத்தில் ஐந்து நாளுக்கு விண்ணப்பிக்கிறார். 11.40க்கு ஹெச்.ஆர். பிரிவிலிருந்து மெயில் வருகிறது: இறப்புச் சான்றிதழை இணைக்கவும். 12.10க்கு, சான்றிதழ் இன்று கிடைக்காது, ஊருக்குப் போய் வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதுகிறார். பதில் இல்லை. 1.30க்குக் கிளம்பிவிடுகிறார். மாலை 4.45க்கு ஒரு நாள் மட்டும் அனுமதி என்று மெயில் வருகிறது.

இதில் 11.40க்கு வந்த கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இறப்பைப் பதிவு செய்யவே 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 21 நாள் அவகாசம் தருகிறது. உடலை எடுப்பதற்கு முன்பே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கிடைக்காது என்று தெரிந்தே கேட்பது. இந்தக் கேள்வி வாய்வார்த்தையாகப் போயிருந்தால் பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 11.40 என்ற நேரத்தோடு மெயிலாக இருப்பதால், அது கேட்டவரின் மனநிலைக்கே சான்றாகிறது.

அந்தப் பெண் ஊரில் காடாற்று முடித்துத் திரும்பியதும் மேசையில் ஒரு குறிப்பாணை காத்திருக்கும். "முன் அனுமதியின்றிப் பணிக்கு வராமை" என்பது குற்றச்சாட்டு. விளக்கம் தரச் சில நாள் கெடு. துக்கத்தில் இருப்பவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, அழுது தீர்ப்பதுபோல ஒரு நீண்ட கடிதம் எழுதுவது. மன்னிப்புக் கேட்டு முடிப்பவர்களும் உண்டு. அந்த மன்னிப்பே பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டப்படும். எழுத வேண்டியது எந்த மணிக்கு யாரிடம் கேட்டேன், எந்த மணிக்கு என்ன பதில் வந்தது, எப்போது கிளம்பினேன், எப்போது திரும்பினேன் என்பது மட்டும். "இரக்கமில்லாமல் பேசினார்" என்று எழுதினால் அது கருத்து. "வேற யாரும் இல்லையா என்று கேட்டார்" என்று எழுதினால் அது நிகழ்ச்சி. விசாரணை நடத்துபவருக்குக் கருத்தைத் தள்ளிவிடுவது எளிது.

இந்த வரிசை ஏன் அவ்வளவு கனமானது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்திய உளவுத்துறையில் வேலை பார்த்த ஒருவர் அனுமதியின்றி வரவில்லை என்று பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். வேலைக்கு வராதது மட்டுமே குற்றமாகிவிடாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நோய், விபத்து, மருத்துவமனைச் சேர்ப்பு என்று மனிதன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள் பல இருக்கலாம், அவற்றால் வராதவரைக் கடமை தவறியவராகக் கருத முடியாது என்றும் சொன்னது. அவரை மீண்டும் வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. வேண்டுமென்றே வரவில்லையா என்ற கேள்விக்கு அம்பத்தூர்ப் பெண்ணின் 5.50 செய்தியும் 12.10 மெயிலும் நேரடியான விடை. தகவல் சொல்லாமல் ஓடியவர் ஏழு மணி நேரத்தில் நான்கு முறை சொல்லியிருக்க மாட்டார்.

எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு வழக்கு. 1980 டிசம்பரில் ஒரு தொழிலாளி எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று கூறி, நிலையாணையைக் காட்டி நிர்வாகம் அவர் பெயரை நீக்கியது. வந்தேன், வாசலிலேயே தடுத்துவிட்டார்கள் என்றார் அவர். விசாரணையே நடத்தாமல் இப்படி நீக்குவது இயற்கை நீதிக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்து, பாதிப் பின்சம்பளத்துடன் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. இடையே போன ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். வாசலில் தடுக்கப்பட்ட அன்றே, நேரம் குறிப்பிட்டு ஒரு தந்தியோ பதிவுத் தபாலோ நிர்வாகத்துக்குப் போயிருந்தால், வந்தாரா வரவில்லையா என்ற சண்டையாவது சீக்கிரம் தீர்ந்திருக்கும்.

பெரும்பாலான மறுப்புகள் போனில்தான் நடக்கின்றன. அங்கேதான் பதிவு அறுந்துபோகிறது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பேசி முடித்த சில நிமிடங்களுக்குள் பேசியதையே செய்தியாக அனுப்பிவிட வேண்டும்: "சார், இப்போது 6.05க்குப் போனில் அம்மா இறந்ததைச் சொல்லி ஐந்து நாள் லீவு கேட்டேன். ஆடிட் இருப்பதால் முடியாது என்று சொன்னீர்கள். நாளைக் காலை 10 மணிக்கு எடுக்கிறார்கள். நான் மதியம் கிளம்பியாக வேண்டும். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க வேண்டுமானால் அவரும் எழுதித்தான் மறுக்க வேண்டும். மறுக்காமல் இருந்தால் நீல டிக் பேசும். சில சமயம் இந்தச் செய்தியைப் பார்த்ததும் லீவே கிடைத்துவிடுவதும் உண்டு. எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

வைத்திருப்பதிலும் கவனம் தேவை. நிறுவன மெயிலும் லீவு பக்கமும் நிறுவனத்தின் கையில் இருப்பவை. வேலையை விட்டு நிறுத்திய அன்றே கடவுச்சொல் வேலை செய்யாது. விண்ணப்பம் "பரிசீலனையில்" என்று நின்ற பக்கத்தை, தேதி தெரியும்படி, அன்றைக்கே படம் எடுத்து வைக்க வேண்டும். தன் லீவு பற்றிய கடிதங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் மற்றக் கோப்புகளைத் தொட்டால் அதுவே புதிய குற்றச்சாட்டாகும். வாட்ஸ்அப் உரையாடலில் தானாக அழியும் வசதி இருந்தால் நிறுத்திவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்தி இருக்கும் போனையே பத்திரப்படுத்த வேண்டும். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கச் சான்றளிப்புப் படிவம் தேவை என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. படிவத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். போனைத் தொலைத்துவிட்டால் அவரால் செய்யக்கூடியது குறைவு.

தொழிற்சாலைத் தொழிலாளர் பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. பயன்படுத்தாத ஆண்டு விடுப்பில் 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியும். ஆனால் முறைப்படி கேட்டு மறுக்கப்பட்ட நாட்களுக்கு அந்த வரம்பு கிடையாது என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு வகுத்தது. கேட்டதற்கும் மறுத்ததற்கும் எழுத்து இருந்தால்தான் அந்த நாட்கள் கணக்கில் நிற்கும். வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்பட்டவரின் நாட்கள், கேட்காதவரின் நாட்களைப் போலவே வரம்பைத் தாண்டியதும் போய்விடும்.

மரணம் மட்டுமே இதில் சேர்ந்ததல்ல. ஐ.சி.யூ.வில் கணவர் கிடக்க, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மனைவி போக வேண்டியிருக்கும். ஈ.எஸ்.ஐ. அட்டை குடும்பத்தாருக்கும் சிகிச்சை தரும். ஆனால் வேலைக்கு வராத நாளுக்கான நோய்க்காலப் பணம் தொழிலாளி தானே நோயுற்றால்தான். அதனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனக்கே காய்ச்சல் என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் நிலை புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு பொய் பிடிபட்டால், அதற்கு முன்பு உண்மையாகக் கேட்டு மறுக்கப்பட்ட எல்லாத் தேதிகளும் மதிப்பிழந்துவிடும். மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டின் படத்தை இணைத்து உண்மைக் காரணத்தையே எழுதிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

மிகக் கடினமான நிலை ஒப்பந்தத் தொழிலாளருடையது. மெயில் இல்லை, லீவு பக்கம் இல்லை. சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டால் "போனா திரும்பி வராதே" என்பதுதான் பதில். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் வாட்ஸ்அப்பில் தன் குரலிலேயே ஒரு பதிவு அனுப்பலாம்: இன்னார் இறந்துவிட்டார், இந்த ஊருக்குப் போகிறேன், இந்தத் தேதியில் திரும்புவேன் என்று. ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அனுப்பாமல், உண்மையில் வேலை வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவருக்கும் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் எங்களுக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொள்வார்கள். திரும்பி வந்த அன்று வாசலில் நிறுத்தினால், அங்கேயே நின்று நேரத்தைச் சொல்லி இன்னொரு குரல்பதிவு அனுப்பிவிட்டு, தொழிற்சங்கம் இருந்தால் அங்கேயும், இல்லையென்றால் அந்தப் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அதே வாரத்தில் போக வேண்டும்.